கார்டைக் காலி செய்யும் முன்

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்காரும் நேரம்தான் கல்யாண வீடியோவுக்கு ஆபத்தான நேரம். தாலி கட்டியாகிவிட்டது. விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்ற கால்கள் உட்கார இடம் தேடுகின்றன. இரண்டு கேமராவிலும் கார்டு நிரம்பிவிட்டது. மாலையில் வரவேற்பு, அதற்குக் காலி கார்டு வேண்டும். மண்டபத்து அறையில் ஒரு மூலையில் லேப்டாப்பைத் திறந்து, கார்டை ரீடரில் செருகி, எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து ஹார்டு டிஸ்க்கில் போடுகிறோம். பச்சைப் பட்டை ஓடி முடிகிறது. கார்டு மறுபடி கேமராவுக்குப் போகிறது. ஃபார்மேட் ஆகிறது.

பட்டை ஓடி முடிந்ததற்கும் கார்டு கேமராவுக்குத் திரும்பியதற்கும் நடுவே ஒரு வேலை விட்டுப்போயிற்று. அந்த வேலையைச் செய்யாததால் நான் ஒரு பெண்ணின் நலுங்கைத் தொலைத்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்து எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: ஒரு கோப்பு திறக்கிறது, ஒரு நிமிடம் ஓடுகிறது, பிறகு பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. அந்தக் கார்டில் அதற்குள் இரண்டு கல்யாணம் எடுத்து முடித்திருந்தோம். பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அதுல எங்கம்மா பாடினாங்களே தம்பி” என்று மட்டும் கேட்டார். அந்தப் பாட்டி அதற்கு இரண்டு வாரம் முன்புதான் இறந்திருந்தார்.

அதற்குப் பிறகு நானும் என் உதவியாளரும் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்யாணம் எடுப்பவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தையின் பள்ளி ஆண்டு விழாவைச் சின்ன கேமராவில் எடுத்து வீட்டுக் கணினியில் சேமிப்பவருக்கும் இது பொருந்தும்.

முதலில், “காப்பி முடிந்தது” என்று கணினி சொல்வதற்கு என்ன பொருள்? கணினி கார்டிலிருந்து கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கிறது. படித்ததைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்புகிறது. கடைசித் துண்டையும் அனுப்பியாகிவிட்டது, வழியில் யாரும் பிழை என்று புகார் சொல்லவில்லை என்றால், முடிந்தது என்று அறிவித்துவிடுகிறது. டிஸ்க்கில் போய் உட்கார்ந்ததைத் திரும்பப் படித்து, கார்டில் இருப்பதோடு வைத்துப் பார்ப்பதில்லை. விண்டோஸில் கோப்பை இழுத்துப் போட்டாலும் சரி, மேக்கில் போட்டாலும் சரி, வழக்கமான காப்பி என்பது இவ்வளவுதான்.

பழைய அச்சகங்களில் பிழை திருத்தும்போது இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஆசிரியர் எழுதிய மூலத்தை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுப்படியில் வரிக்கு வரி விரல் வைத்துத் தொடர்வார். ஒப்பு நோக்குதல் என்று அதற்குப் பெயர். அச்சுக் கோப்பவர் “முடிச்சுட்டேன் சார்” என்று சொல்வது வேறு, ஒப்பு நோக்கி முடித்தது வேறு. கணினியின் பச்சைப் பட்டை அச்சுக் கோப்பவரின் சொல்.

அவர் சொல் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். கார்டிலிருந்து ரீடருக்கு வரும் வழியிலும், ரீடரிலிருந்து கணினிக்கு வரும் யூஎஸ்பி வழியிலும் சிறு சிறு சோதனைகள் உள்ளுக்குள்ளேயே நடக்கின்றன. நூற்றுக்கணக்கான கார்டுகள் பழுதில்லாமல் வந்து சேர்வது அதனால்தான். ஆனால் அந்தச் சோதனைகள் ஒவ்வொரு வழித்துண்டுக்கும் தனித்தனியாக நடப்பவை. தேய்ந்துபோன கார்டு ரீடர், ஆடும் கேபிள், ஒரே யூஎஸ்பி ஹப்பில் ரீடரும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து மின்சாரத்துக்குத் திணறுவது, பழுதான நினைவகச் சில்லு ஆகியவற்றில் எது இடறினாலும், முழுப் பயணத்தின் முதலையும் முடிவையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. வீடியோவில் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். பெரும்பாலான கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் முழுதாகப் பதிவதில்லை. அரை நொடிக்கு ஒரு முறை போல ஒரு முழுப் படம், நடுவில் வருபவை “முன்படத்திலிருந்து என்ன மாறியது” என்ற குறிப்புகள். ஓரிடத்தில் பிசகினால் அடுத்த முழுப் படம் வரும்வரை திரை சிதறும்.

ஒப்பு நோக்குவதில் முதல் படி எளிது, எல்லோராலும் முடியும். கார்டில் எத்தனை கோப்புகள், மொத்தம் எத்தனை பைட். டிஸ்க்கில் எத்தனை கோப்புகள், எத்தனை பைட் என்று பார்ப்பது. விண்டோஸில் இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் தேர்ந்து, வலது கிளிக் செய்து Properties திறந்தால் வரும். அங்கே Size என்று ஒரு வரி, Size on disk என்று இன்னொரு வரி இருக்கும். பார்க்க வேண்டியது Size வரியை, அதுவும் அடைப்புக்குள் இருக்கும் முழு பைட் எண்ணிக்கையை. இரண்டாவது வரி கார்டுக்கும் டிஸ்க்குக்கும் வேறாகத்தான் இருக்கும். ஒரே அரிசியைப் பெரிய டப்பாக்களிலும் சின்ன டப்பாக்களிலும் போட்டால் அலமாரியில் அடைக்கும் இடம் மாறுமே, அதுபோல. அதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு, பதற வேண்டாம்.

இந்தப் பரிசோதனை விடுபட்ட கோப்பைக் காட்டிக்கொடுக்கும். பாதியில் அறுந்த கோப்பைப் பல நேரம் காட்டிக்கொடுக்கும். ஆனால் உள்ளே ஓரிடத்தில் எழுத்து மாறியிருந்தால் அளவு மாறாது. மூட்டையின் எடை சரியாக இருக்கும், நடுவில் ஒரு படி கல் இருக்கும். நலுங்குக் கோப்பு அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

கல்லைக் கண்டுபிடிக்கும் வழிக்குச் செக்சம் என்று பெயர். அதன் அடிப்படை நமக்குப் புதிதல்ல. ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் கடைசி இலக்கம், முதல் 11 இலக்கங்களிலிருந்து ஒரு கணக்குப்படி வருவது. நடுவில் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும், படிவம் ஏற்காது. அதே எண்ணத்தை மிகப் பெரிய அளவில் செய்தால் கோப்புச் செக்சம். ஒரு கோப்பின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அத்தனையையும் ஒரு கணக்குக்குள் அரைத்து, ஒரு சின்ன அடையாள எண்ணைத் தருவது. கோப்பு 2 கிலோபைட்டாக இருந்தாலும் 20 ஜிகாபைட்டாக இருந்தாலும் அந்த எண்ணின் நீளம் ஒன்றுதான்.

இந்தக் கணக்குகளில் பழையதும் பரவலானதும் எம்டி5. 1990களின் தொடக்கத்தில் ரொனால்ட் ரிவெஸ்ட் வடிவமைத்தது. அது தரும் அடையாளம் 32 எழுத்து நீளம். hello என்ற ஐந்தெழுத்தை அதில் போட்டால் முதல் வரி வரும். முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கி Hello என்று போட்டால் இரண்டாவது வரி வரும்.

```
hello  5d41402abc4b2a76b9719d911017c592
Hello  8b1a9953c4611296a827abf8c47804d7
```

சின்ன h எழுத்துக்கும் பெரிய H எழுத்துக்கும் கணினியின் உள்ளே உள்ள வேறுபாடு ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட்டுக்கு அடையாளம் முழுதும் புரண்டுவிட்டது. ஐம்பது ஜிகாபைட் வீடியோவில் எங்கோ ஒரு பிட் புரண்டாலும் இதேதான் நடக்கும். கார்டில் இருக்கும் கோப்பின் அடையாளமும் டிஸ்க்கில் இருக்கும் கோப்பின் அடையாளமும் ஒன்றாக இருந்தால், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்று நம்பலாம். எம்டி5 உடைக்கப்பட்டுவிட்டது என்று படித்திருப்பீர்கள். வேண்டுமென்றே ஒருவர் திட்டமிட்டு ஏமாற்றுவதற்கு எதிராக அது காப்பாற்றாது, உண்மைதான். கேபிள் ஆடுவதால் வரும் பிசகு திட்டமிட்டு வருவதில்லை. அதைப் பிடிக்க எம்டி5 இன்றும் போதும். சினிமா யூனிட்டுகளில் இப்போது எக்ஸ்எக்ஸ்ஹேஷ் என்ற கணக்கை விரும்புகிறார்கள். அதைவிட அது பல மடங்கு வேகம். நாளொன்றுக்குப் பல டெராபைட் வரும் இடத்தில் அந்த வேகம் தேவை.

இனி ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு மண்டபம். முதல் கேமராவின் 64 ஜிபி கார்டு. அதற்கு ஏ001 என்று பெயர் வைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். உள்ளே ஏறக்குறைய 58 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். ஆக, அது ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 41 வீடியோக்கள்.

கேமராவை அணைத்து, கார்டை எடுத்ததும், அதன் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானைக் கீழே தள்ளினோம். பூட்டு என்று நாம் சொல்வது அதைத்தான். அது கார்டின் உள்ளே எதையும் பூட்டுவதில்லை. ரீடர் அந்தப் பொத்தான் எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்த்து, எழுதக் கூடாது என்று புரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் செய்யுங்கள். கார்டைச் செருகியவுடன் கணினிகள் தாமாகவே அதில் மறைவுக் கோப்புகளை எழுதிவைக்கும் பழக்கம் கொண்டவை. ஒப்பு நோக்கும்வரை மூலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. மைக்ரோ எஸ்டி கார்டில் இந்தப் பொத்தான் கிடையாது. அடாப்டரில் போட்டால் அடாப்டரின் பொத்தானைத் தள்ளலாம்.

டிஸ்க்கில் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் முதல் கேமராவுக்கு ஒன்று, அதற்குள் இந்தக் கார்டுக்கென்று A001 என்று ஒன்று. கார்டில் இருந்ததை அப்படியே, முழுக் கூடாக, அதற்குள் போட்டோம். வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. அந்தக் கேமரா வீடியோக்களை PRIVATE, அதற்குள் M4ROOT, அதற்குள் CLIP என்று அடுக்கி வைக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் துணையாக நேரமும் அமைப்பும் எழுதிய ஒரு குட்டிக் கோப்பு, ஒரு குட்டிப் படம். இவை இப்போது வேண்டாதவையாகத் தெரியும். சில கேமராக்களில் நீளமான ஒரே காட்சி பல துண்டுகளாகப் பதிவாகும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்பது அந்தக் குட்டிக் கோப்புகளில்தான் இருக்கும்.

கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்பதை நான் விடாமல் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஃபார்மேட் செய்த கார்டில் பல கேமராக்கள் மறுபடியும் C0001 என்றே தொடங்கும். இரண்டாவது கேமராவிலும் C0001 இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், “இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?” என்று கணினி கேட்கும். அசதியில் ஆம் என்று அழுத்திவிட்டால் முதல் கார்டின் வீடியோ போய்விட்டது. இதைச் செக்சமும் காட்டாது, ஏனென்றால் இரண்டாவது கார்டின் நகல் மிகச் சரியாகவே வந்து சேர்ந்திருக்கும்.

காப்பி பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. கோப்பு எண்ணிக்கை ஒத்தது. பைட் ஒத்தது. ஹார்டு டிஸ்க்கை முறைப்படி Eject கொடுத்துக் கழற்றி, மறுபடி செருகினோம். இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. இப்போதுதான் எழுதிய கோப்பைத் திரும்பப் படி என்றால், கணினி பல நேரம் டிஸ்க்குக்குப் போகாது. தன் நினைவகத்தில் இன்னும் மிச்சமிருப்பதையே எடுத்து நீட்டும். எழுதியவரிடமே “சரியாக எழுதினாயா” என்று கேட்பதுபோல ஆகிவிடும். கழற்றிச் செருகினால் அந்த நினைவு போய், டிஸ்க்கிலிருந்தே படித்தாக வேண்டும்.

பிறகு செக்சம். அன்று நாங்கள் டெராகாப்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். விண்டோஸில் சொந்த உபயோகத்துக்கு அது இலவசம். அதில் Verify என்று கொடுத்தால் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பக்கமும் படித்து எண்ணை ஒப்பிடும், ஒத்ததற்குப் பச்சைக் குறி போடும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் வைத்திருப்பவர்கள் அதன் மீடியா பக்கத்தில் Clone Tool என்று ஒன்று இருப்பதைப் பாருங்கள். இலவசப் பதிப்பிலும் உண்டு. ஒரே கார்டை இரண்டு டிஸ்க்குக்குச் சேர்த்து நகலெடுக்கும், மெனுவில் MD5 தேர்ந்துகொண்டால் செக்சமும் பார்க்கும். காசு கொடுத்து வாங்குபவற்றில் ஷாட்புட் புரோ, சில்வர்ஸ்டாக் போன்றவை சினிமா யூனிட்டுகளில் டிஐடி என்று அழைக்கப்படுபவரின் கையில் இருப்பவை. அவை எல்லாக் கோப்புகளின் அடையாள எண்களையும் ஒரு பட்டியலாக வீடியோவுடனே எழுதிவைக்கும். பத்து ஆண்டு கழித்து அந்த டிஸ்க்கைத் திறந்தாலும், அன்று இருந்தபடியே இருக்கிறதா என்று அந்தப் பட்டியலை வைத்துச் சொல்லிவிடலாம்.

சிறிது நேரம் போயிருக்கும். நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் வந்து காதில் சொன்னார்: “அண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒத்து வரல. இருபத்திமூணு.”

இலையை மூடிவிட்டு எழுந்தேன். C0023. தாலி கட்டிய வீடியோ.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்வார்கள். பயத்தில் கோப்பை அழித்துவிட்டு மறுபடி காப்பி போடுவார்கள், அதுவும் ஒத்து வராவிட்டால் மறுபடி அழிப்பார்கள். அழிக்காதீர்கள். எது பிசகியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிசகிய கோப்பும் அதற்கு ஒரு சாட்சி. அந்த ஒரு கோப்பை மட்டும் தனியாகப் படித்துப் பார்க்க விண்டோஸிலேயே கட்டளை உண்டு, எதையும் நிறுவ வேண்டியதில்லை. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து அடித்தோம். E என்பது கார்டு, F என்பது டிஸ்க்.

```
certutil -hashfile E:\PRIVATE\M4ROOT\CLIP\C0023.MP4 MD5
certutil -hashfile F:\KALYANAM\CAM_A\A001\PRIVATE\M4ROOT\CLIP\C0023.MP4 MD5
```

மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் `md5` என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை அந்த ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டினால் போதும்.

கார்டின் எண் e07b என்று தொடங்கியது. டிஸ்க்கின் எண் 9c41 என்று தொடங்கியது. இரண்டும் வேறு என்பது தெரிந்ததுதான். இப்போது செய்ய வேண்டியது, கார்டையும் டிஸ்க்கையும் கழற்றிச் செருகிவிட்டு ஒவ்வொன்றையும் இன்னொரு முறை படிப்பது. ஒரே இடத்தை இரண்டு முறை படித்தால் ஒரே எண் வருகிறதா?

கார்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணைச் சொன்னால், படிப்பதில்தான் கோளாறு. ரீடரை மாற்ற வேண்டும். கார்டின் பொன்னிறத் தகடுகளை உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். நல்ல ரீடரிலும் எண் மாறிக்கொண்டே வந்தால் கார்டே சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே முழுதும் நகலெடுத்துவிட்டு அந்தக் கார்டை ஒதுக்கிவிட வேண்டும். டிஸ்க் மாற்றி மாற்றிச் சொன்னால் டிஸ்க், அதன் கேபிள், கணினியின் நினைவகம் இவற்றைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் தத்தம் எண்ணையே உறுதியாகத் திரும்பச் சொன்னால், காப்பி நடந்த அந்தச் சில நிமிடத்தில் எதுவோ இடறி, பிசகியது பிசகியபடியே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டது.

எங்களுக்கு மூன்றாவதுதான் வந்தது. கார்டு மறுபடியும் e07b. டிஸ்க் மறுபடியும் 9c41. பையில் இருந்த இன்னொரு ரீடரை எடுத்து, யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகிக் கார்டைப் படித்தோம். e07b. இரண்டு ரீடர்கள் ஒரே எண்ணைச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. கார்டில் இருப்பது உறுதியாக இருக்கிறது, யார் படித்தாலும் ஒன்றாக இருக்கிறது. C0023 கோப்பை மட்டும் வேறு ஃபோல்டரில் மறுபடி நகலெடுத்தோம். டிஸ்க்கைக் கழற்றிச் செருகிப் படித்தோம். e07b.

பிசகிய பழைய நகலையும் ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை கை எடுத்து, நாத்தனார் மூன்றாம் முடிச்சுக்குக் குனியும் இடத்தில் அரை நொடி பச்சைக் கட்டம். அதற்கு முன்னும் பின்னும் நன்றாக இருந்தது. நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோல ஆரம்பத்தையும் முடிவையும் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. அந்த ஹப்பை அன்றே தூக்கிப் போட்டோம். ரீடரும் ஹார்டு டிஸ்க்கும் அதில் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.

இரண்டாவது டிஸ்க்குக்கு நகலெடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதற்குப் போடுவது வேகம்தான். ஆனால் முதல் நகல் பிசகியிருந்தால் இரண்டாவதும் அதே பிசகுடன் மிகச் சரியாக வந்து சேரும். முதல் டிஸ்க்கின் எண்ணும் இரண்டாவதன் எண்ணும் ஒத்திருக்கும். இரண்டும் தப்பாக இருக்கும். எனவே இரண்டாவது டிஸ்க்கை எங்கிருந்து நிரப்பினாலும், அதன் எண்களைக் கார்டின் எண்களோடுதான் ஒப்பிட வேண்டும். அன்றிருந்து கார்டின் எண்களை ஒரு சிறு உரைக் கோப்பாகச் சேமித்து ஒவ்வொரு நகலோடும் வைத்துவிடுகிறோம்.

செக்சம் சொல்லாத ஒன்றும் உண்டு, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒன்று என்று மட்டும்தான் அது சொல்லும். கார்டில் இருப்பது நல்ல வீடியோ என்று சொல்லாது. பதிவு ஓடும்போது பேட்டரி கழன்றுவிட்டால் கோப்பு முடிவு கட்டப்படாமல் நின்றுவிடும். அதன் நகலும் அச்சு அசலாக அதே முடிவில்லாக் கோப்பாக வரும், எண்ணும் ஒத்திருக்கும். 256 ஜிபி என்று போலி முத்திரையிட்டு விற்கும் கார்டுகளில் உள்ளே இருப்பது அதில் ஒரு பங்குதான். நிரம்பிய பிறகு பதிவது எங்கும் போய்ச் சேராது, அல்லது பழையதன் மேலேயே விழும். அந்தக் குப்பையையும் செக்சம் அப்படியே ஒப்புக்கொள்ளும். புதுக் கார்டு வாங்கியதும் அதை முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்க H2testw என்ற இலவசக் கருவி இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் F3. முதல் வேலைக்குக் கொண்டுபோகும் முன் இதை ஒரு முறை ஓட்டிவிடுங்கள், பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

அதனால் எண்கள் ஒத்த பிறகும் வீடியோக்களைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்க நேரம் இராது. ஒவ்வொன்றும் திறக்கிறதா, ஒலி இருக்கிறதா, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் தாவினால் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். பார்ப்பது டிஸ்க்கில் இருக்கும் நகலை. செக்சம் நகலெடுத்ததற்குச் சாட்சி, நம் கண் எடுத்ததற்குச் சாட்சி. திறக்காத கோப்பு ஒன்று இருந்தால் அந்தக் கார்டைத் தொடாதீர்கள். எடுத்த கேமராவிலேயே மறுபடி போட்டால் அறுந்த கோப்பைத் தானே சரிசெய்து கொடுக்கும் கேமராக்கள் உண்டு. ஃபார்மேட் ஆகிவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று.

செக்சம் பட்டியலில் d41d8cd98f00b204e9800998ecf8427e என்ற எண் வீடியோக் கோப்பு ஒன்றுக்கு எதிரே இருந்தால் நில்லுங்கள். அது வெறும் கோப்பின் எம்டி5. உள்ளே ஒரு பைட்கூட இல்லை என்று பொருள்.

கடைசியாக ஃபார்மேட். அதைக் கணினியில் செய்யாமல் கேமராவில் செய்யுங்கள். தனக்கு வேண்டிய அடுக்கைக் கேமராவே போட்டுக்கொள்ளும். கணினியில் கார்டைத் திறந்து கோப்புகளை ஒவ்வொன்றாக அழிப்பதும் வேண்டாம். கேமரா தன் பட்டியலைத் தேடிக் குழம்பும். கேமராவின் சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் துடைக்கிறது. வீடியோ அதன் மேல் வேறு எழுதும்வரை அங்கேயே கிடக்கலாம். தவறி ஃபார்மேட் செய்துவிட்டால், அந்தக் கார்டில் ஒரு நொடிகூடப் பதியாமல் எடுத்து வைத்து, ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்புக் கருவியால் தேடலாம். பெரிய வீடியோக்கள் கார்டில் சிதறிக் கிடந்தால் அவை முழுதாகக் கிடைப்பது அரிது. சில கேமராக்களும் வேகமான புதுவகைக் கார்டுகளும் ஃபார்மேட்டில் உண்மையாகவே துடைத்துவிடுகின்றன. மீட்புக் கருவியை நம்பி ஃபார்மேட் பொத்தானை அழுத்தக் கூடாது.

இவ்வளவுக்கும் எவ்வளவு நேரம்? 58 ஜிபி கார்டுக்கு, நொடிக்கு 80 மெகாபைட் படிக்கும் சாதாரண ரீடரில் காப்பிக்குப் பன்னிரண்டு நிமிடம், கார்டை மறுபடி படித்துக் கணக்கெடுக்க இன்னொரு பன்னிரண்டு, டிஸ்க்கைப் படிக்க ஒன்பது பத்து. முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் முதல் டிஸ்க்குக்கும் நாலைந்து வீடியோ ஓட்டிப் பார்ப்பதற்கும் தாராளம். பழைய யூஎஸ்பி 2 ரீடராக இருந்தால் கார்டு தொடர்பான நேரத்தை இரட்டிப்புக்கும் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் அந்த நேரம் கிடைக்காமல் போகும் நாட்களும் உண்டு. அப்போது ஒப்பு நோக்குவதை விட்டுவிட்டு ஃபார்மேட் செய்வது தப்பு. ஃபார்மேட்டைத் தள்ளிப்போட்டு, வேறு கார்டில் வரவேற்பை எடுப்பதே சரி.

எங்கள் பையில் முன்பு நான்கு கார்டுகள் இருந்தன. இப்போது எட்டு இருக்கின்றன. எடுத்த கார்டு பூட்டுப் பொத்தான் கீழே தள்ளப்பட்டு, சிவப்பு ஜிப் வைத்த சின்னப் பையில் முகம் கவிழ்த்து இருக்கும். இரண்டு டிஸ்க்கிலும் எண்கள் ஒத்து, வீடியோக்கள் ஓடிப் பார்த்து, நோட்டில் கார்டின் பெயருக்கு எதிரே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது அந்தப் பையை விட்டு வெளியே வரும். அதன் பிறகும் அதை உடனே ஃபார்மேட் செய்வதில்லை. அடுத்த கல்யாணத்தன்று காலையில், கேமராவில் போட்ட பிறகு செய்கிறோம்.